நேராக ஓடினால் வலிக்காது

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கை வைத்துக் காட்டக் கூச்சமாக இருக்கும் இடம் அது. முட்டி என்றால் காட்டலாம். கணுக்கால் என்றால் சப்பாத்தைக் கழற்றிக் காட்டலாம். அன்று திடலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது நண்பன் வந்து கேட்டான்.

“எங்கடா?”

“தொடை.”

“தொடைன்னா எங்க?”

“மேல.”

“இன்னும் மேலயா?” என்று அவன் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தொடை அடிவயிற்றோடு சேரும் உட்பக்கத்தைத் தமிழில் கவட்டை என்கிறோம். வீட்டில் அதுவே கவுட்டி. சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். இந்த வலியை நான் இரண்டு மாதம் இழுத்துக்கொண்டு திரிந்ததற்குக் கூச்சமும் ஒரு காரணம். இன்னொரு காரணம், நேராக ஓடினால் அது வலிக்கவே இல்லை.

நோன்பு மாதம் முழுக்க எங்கள் திடல் ஓய்ந்து கிடந்தது. பெருநாள் முடிந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்கிற வேகத்தில் வாரத்துக்கு இரண்டு இரவு ஃபுட்சால், ஞாயிறு மாலை பெரிய திடலில் ஆட்டம் என்று இறங்கினேன். ஒரு மாதம் சும்மா இருந்த உடம்புக்கு ஒரே வாரத்தில் மூன்று ஆட்டம். இரண்டாவது வாரமே வலது கவட்டையில் ஏதோ பிடித்தது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் உடம்பு சூடானதும் மறைந்துவிடும். மறுநாள் காலை காரிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து வைக்கும்போது மறுபடியும் பிடிக்கும். அதை வலி என்றே நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்காவது ஞாயிறு, வலது காலின் உட்பக்கத்தால் பந்தைத் தட்டிவிடப் போனேன். அதே நொடி எதிராளியின் காலும் பந்தின் மறுபக்கத்தில் வந்து மோதியது. பந்து நகரவில்லை, என் கால் மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. துணியில் நூல் பிரிவதுபோல உள்ளே ஒன்று இழுபட்டது. கீழே விழவில்லை. நடந்தே வெளியே வந்தேன்.

கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று மூன்று நாள் எம்.சி.யும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டில் அப்பா தைலத்தைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு வந்தார். தோட்டத்து டீமில் விங்கராக ஆடியவர். அவருக்குத் தெரிந்த மருந்து நீவி விடுவது. இரண்டு இரவு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அதுபோக, இறுக்கமாக இருப்பதை இழுத்தால் சரியாகிவிடும் என்று நானாகவே இரண்டு பாதத்தையும் சேர்த்து உட்கார்ந்து முட்டிகளைத் தரையை நோக்கி அழுத்தினேன். இரண்டுமே தவறு என்று பிறகுதான் தெரிந்தது. புதிதாகக் கிழிந்த தசையை அமுக்கிக் கசக்கினாலும், வலிக்க வலிக்க இழுத்துப் பிடித்தாலும், ஒட்ட ஆரம்பித்த இழைகளை நாமே பிரித்துவிடுகிறோம்.

பத்தாவது நாள் தாமானைச் சுற்றி மெதுவாக ஓடிப் பார்த்தேன். மூன்று கிலோமீட்டர், வலியே இல்லை. அன்று மாலையே பூட்ஸை மாட்டினேன். இருபது நிமிடம் நன்றாகப் போயிற்று. பிறகு எதிராளியை ஏமாற்ற வலது காலை ஊன்றி இடப்பக்கம் திரும்பினேன். இம்முறை நூல் பிரியவில்லை, சுள்ளென்று ஒரு வெட்டு. உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளில் தொடையின் உட்பக்கம் ஊதா நிறமாகி, அந்த நிறம் மெல்ல முட்டியை நோக்கி இறங்கியது.

நேராக ஓடும்போது ஒன்றும் செய்யாத தசை, திரும்பும்போது மட்டும் ஏன் அறுகிறது? தொடையின் உட்பக்கத்தில் சில தசைகள் சேர்ந்து ஒரு கற்றையாக இருக்கின்றன. அவற்றை அடக்டர் தசைகள் என்கிறார்கள். விலகிப் போகும் காலை உடம்பின் நடுக்கோட்டை நோக்கி இழுப்பது அவற்றின் முக்கிய வேலை. காற்பந்து வீரர்களுக்கு அவற்றில் அதிகம் அடிபடுவது அடக்டர் லாங்கஸ். அடிவயிறு முடியும் இடத்தில் கையை வைத்தால் தட்டுப்படும் இடுப்பின் முன்னெலும்பில் ஒரு சின்ன நாணாகத் தொடங்கி, விரிந்து இறங்கித் தொடை எலும்பின் நடுப்பகுதியில் ஒட்டுகிறது. காலை அகட்டி உட்கார்ந்தால் கவட்டையில் கயிறுபோல விறைத்து நிற்பது அதன் நாண்தான்.

பந்தை உதைக்கும் காலைக் கவனியுங்கள். முதலில் அது பின்னாலும் வெளிப்பக்கமாகவும் போகிறது, அப்போது இந்தத் தசை நீள்கிறது. அடுத்த கணம் கால் முன்னால் பாய வேண்டும். பின்னால் போகிற காலை நிறுத்தித் திருப்பும் அந்த இடத்தில் தசை நீண்டுகொண்டே முழு பலத்தோடு இழுக்கவும் வேண்டியிருக்கிறது. காலை ஊன்றித் திரும்பும்போதும் இதேதான். பாதம் தரையில் நிற்கிறது, உடம்பு மறுபக்கம் போகிறது, தொடை அகல்கிறது, தசை அதைப் பிடித்து நிறுத்துகிறது. நேராக ஓடுவதில் கால் முன்னும் பின்னுமாகத்தான் ஆடும், பக்கவாட்டில் அதிகம் விலகாது. என் மூன்று கிலோமீட்டர் ஓட்டம் அடிபட்ட தசையிடம் அதன் கடினமான வேலையைக் கேட்கவே இல்லை.

இந்த முறை ஒரு பிசியோவிடம் போனேன். முப்பது வயதைத் தாண்டிய தமிழ்ப்பெண். எனக்குக் கூச்சம் இன்னும் கூடியது. அவருக்கு அது பழகிப்போயிருக்க வேண்டும். “ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க. எனக்கு இடம் சரியா தெரியணும்” என்றார் சாதாரணமாக. காட்டினேன். கவட்டையில் வருகிற வலி எல்லாமே அடக்டர் வலி என்று சொல்லிவிட முடியாது. தொடையை முன்னால் தூக்கும் தசையிலிருந்து வரலாம், இடுப்பு மூட்டிலிருந்து வரலாம், குடலிறக்கமாகவும் இருக்கலாம். இருமும்போது வலிக்கிறதா, புடைப்பு தெரிகிறதா என்றெல்லாம் கேட்டார். விரை திடீரென்று வலித்து வீங்கினால் தசை என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

பிறகு என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார். கால்கள் நேராக இருந்தன. இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவில் தன் முன்கையை நீட்டி வைத்து, “ஐந்து விநாடி, முடிஞ்ச மட்டும் இறுக்குங்க” என்றார். இறுக்கினேன். “பத்துக்கு எத்தனை வலி?”

“ஏழு.”

“இரண்டு வரைக்கும் பச்சை. மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மஞ்சள். ஆறும் அதுக்கு மேலயும் சிவப்பு. நீங்க சிவப்புல இருக்கீங்க. பத்து நாளைக்கு முன்னாடி ஓடிப் பார்த்ததுக்குப் பதிலா இதைச் செஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.”

படுத்தபடி ஐந்து விநாடி இறுக்குவது. அவ்வளவு எளிய சோதனை. கையை விடப் பந்தோ மடித்த தலையணையோ வைத்து வீட்டிலேயே செய்யலாம் என்றார். நாண் எலும்பிலிருந்து முழுதாக விடுபட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால்தான் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வாராம். எனக்கு வலி இருந்தாலும் இறுக்கும் பலம் ஓரளவு இருந்தது, அதனால் பகுதிக் கிழிசல் என்று முடிவு செய்தார். அந்த வகை பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். முழுதாக அறுந்தால் மாதக்கணக்காகும். “உங்களுது ரெண்டாவது தடவை. அதனால நான் நாளை வச்சு கணக்குப் பார்க்க மாட்டேன். ஒவ்வொரு கட்டத்தையும் பாஸ் பண்ணாத்தான் அடுத்தது.”

எல்லாக் கட்டத்துக்கும் ஒரே விதி. பயிற்சியின்போது வலி இரண்டைத் தாண்டக்கூடாது. மறுநாள் காலை இறுக்கிப் பார்த்தால் முந்தின நாள் எண்ணைவிடக் கூடியிருக்கக்கூடாது. கூடியிருந்தால் ஒரு படி கீழே. அன்றிலிருந்து ஒரு எக்செல் தாளில் தினமும் காலை ஓர் எண் எழுத ஆரம்பித்தேன்.

முதல் வாரம் தசையைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் வேலை. சின்ன அடிகளாக நடந்தேன். காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு முட்டியையும் சேர்த்தே திருப்பினேன். தூங்கும்போது முட்டிகளுக்கு நடுவில் தலையணை. முழு ஓய்வு என்று படுத்துவிடவும் அவர் விடவில்லை. மூன்றாம் நாளே முட்டியை மடக்கிப் படுத்து, நடுவில் பந்தை வைத்து மெல்ல இறுக்கச் சொன்னார். தசை நீளாமல், நகராமல், வெறுமனே இழுவிசையை மட்டும் தாங்கும் பயிற்சி. ஆறும் தசைக்குத் தன் இழைகளை எந்தத் திசையில் அடுக்குவது என்று சொல்லிக் கொடுப்பது அந்த இழுவிசைதான் என்றார். வாரக் கடைசியில் எண் நாலு.

அடுத்த இரண்டு வாரம் தசையை நகர்த்தும் வேலை. ரப்பர் பட்டையின் ஒரு முனையை மேசைக் காலிலும் மறுமுனையை வலது கணுக்காலிலும் கட்டி, பக்கவாட்டில் நின்று, காலை உள்ளே இழுக்க வேண்டும். அது சுலபம். பட்டை காலைத் திரும்ப வெளியே இழுக்கும்போது, விட்டுவிடாமல் மூன்று விநாடி எடுத்து மெல்ல விடுவதுதான் பயிற்சியே. தசை நீண்டுகொண்டே வேலை செய்வதை அது அங்கேதான் மறுபடி கற்றுக்கொள்கிறது. உதைக்கும்போதும் திரும்பும்போதும் அறுந்தது அந்த வேலையில்தானே.

ஆபத்தான காலமும் இதுதான். மூன்றாவது வாரம் நடக்கும்போது வலி இல்லை, படியேறும்போது இல்லை, தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றாலும் இல்லை. தாளில் மட்டும் எண் மூன்று. அந்த எண் இல்லாதிருந்தால் நான் மறுபடியும் திடலுக்குப் போயிருப்பேன்.

நான்காவது வாரம் கோப்பன்ஹேகன் என்ற பயிற்சி வந்தது. டென்மார்க்கின் தலைநகர்ப் பெயர்தான். ஒருக்களித்துப் படுத்து ஒரு முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் காலை இன்னொருவர் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்வார். அந்தக் காலின் உட்பக்கத் தசையால் உடம்பையே தரையிலிருந்து தூக்கி, கீழ்க்காலை மேல்காலோடு சேர்த்து, மூன்று விநாடியில் இறங்க வேண்டும். முட்டியில் பிடித்தால் கொஞ்சம் எளிது. கணுக்காலில் பிடித்தால் நெம்பும் தூரம் கூடுகிறது, சுமையும் கூடுகிறது. முதலில் முட்டி, அது பழகிய பிறகே கணுக்கால்.

பிடித்துக்கொள்ள வீட்டில் அப்பாதான் இருந்தார். 61 வயது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஹாலில் பாயை விரித்து என் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இடது காலில் பதினொன்று செய்தேன். வலது காலில் மூன்றாவதிலேயே நடுங்கியது.

“இவ்ளோ வித்தியாசமா?” என்றார்.

“ஆமாப்பா. இதோடதான் விளையாடப் போனேன்.”

அவர் என் காலை விடாமல் சற்று நேரம் சும்மா நின்றார். “எனக்கும் இங்கதான்” என்றார். கையை எடுத்துக் காட்டவில்லை. எனக்குப் புரிந்தது.

அப்பா 26 வயதில் ஆட்டத்தை விட்டது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1989இல் கல்யாணம், பொறுப்பு வந்துவிட்டது, விட்டுவிட்டார். இப்படித்தான் அவரும் சொல்வார், அம்மாவும் சொல்வார். அன்று இரவு வேறு கதை சொன்னார். கார்னர் அடிக்கும்போது பிடித்ததாம். தோட்டத்தில் ஒரு பெரியவர் ஒரு வாரம் நீவி விட்டார். இரண்டு மாதம் ஓய்வு. “நேரா ஓடுனா ஒண்ணும் பண்ணாதுடா. காலையில லயத்தைச் சுத்தி ஓடுவேன். சரியாயிடுச்சுன்னு நெனச்சு கார்னர் அடிப்பேன், வெட்டி இழுக்கும்.” மூன்று முறை அப்படி நடந்ததாம். தோட்டத்து டிரஸரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். “அந்த எடத்தையா? கல்யாணம் பேசிக்கிட்டு இருக்காங்க. கவுட்டில வலின்னு டிரஸர்கிட்ட போனா தோட்டம் முழுக்க என்ன பேசுவாங்க?”

அவரிடம் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருந்தது. பிசியோவிடமிருந்து தெரிந்துகொண்டது. 1999இல் டென்மார்க் மருத்துவர்கள் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட்ட அடக்டர் வலியுள்ள விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நீவுதல், இழுத்து நீட்டுதல், கருவிகளால் சிகிச்சை. மறு பிரிவுக்குப் பந்தை இறுக்குவதில் தொடங்கும் தசைப் பயிற்சி, 8 முதல் 12 வாரம். இரண்டாவது பிரிவில் முடித்த 29 பேரில் 23 பேர் வலியின்றிப் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். முதல் பிரிவில் 30 பேரில் 4 பேர்தான்.

அப்பா கேட்டுக்கொண்டார். “எந்த வருசம்?”

“99.”

“அப்ப நீ பொறந்து மூணு வருசம்” என்றார். பிறகு, “சரி, இன்னொண்ணு தூக்கு.”

ஐந்தாவது வாரம் எண் ஒன்று. நேராக ஓட அனுமதி கிடைத்தது. முன்பு நான் சோதனை முடிந்தது என்று நினைத்த இடம், இங்கே பாதி வழிதான். ஓட்டத்தை மெல்ல வேகமாக்கி, பிறகு பெரிய வளைவுகளில் ஓடி, பிறகு கூம்புகளை வைத்து நெளிந்து ஓடி, கடைசியில் ஊன்றித் திரும்பும் கூர்மையான வெட்டுகளுக்கு வந்தேன். முதலில் பாதி வேகத்தில், எங்கே திரும்பப் போகிறேன் என்று எனக்கே தெரிந்து. அதன் பிறகு அப்பா எதிரே நின்று திடீரென்று கையைக் காட்டும் பக்கம். உடம்பு முன்கூட்டியே தயாராகிற திருப்பமும் தயாராகாத திருப்பமும் ஒன்றல்ல என்பதைத் தொடையிலேயே உணர்ந்தேன்.

உதைப்பதற்கும் இதேபோல ஏணி இருந்தது. ஐந்து மீட்டர் தூரத்தில் அப்பா நிற்க, காலின் உட்பக்கத்தால் இருபது தட்டு. வலியில்லையென்றால் அடுத்த முறை பத்து மீட்டர். பிறகு பாதத்தின் மேற்பகுதியால் பாதி பலம். அதன் பிறகே நீண்ட பந்துகள். ஆறாவது வாரம் இதில் சறுக்கினேன். நன்றாக விழுகிறதே என்ற ஆசையில் பதினைந்தோடு நிறுத்த வேண்டிய நீண்ட உதையை நாற்பது வரை கொண்டுபோனேன். உதைக்கும்போது வலியே இல்லை. மறுநாள் காலை எண் நாலு. பிசியோவுக்குத் தகவல் அனுப்பினேன். “மூணு நாள் உதைக்க வேணாம். பந்தை இறுக்குறது, பட்டை மட்டும். எண் பழையபடி வந்ததும் பத்துலேர்ந்து தொடங்குங்க” என்று பதில் வந்தது. நான்காம் நாள் எண் ஒன்றுக்குத் திரும்பியது. இது மறுகிழிசல் அல்ல, தாங்காத சுமைக்குத் தசை காட்டிய எதிர்ப்பு. அடுத்த நாளே நிறுத்தியதால் அதோடு போயிற்று. அப்பாவுக்கு மூன்று முறை நடந்ததும் இப்படித்தான் தொடங்கியிருக்குமோ என்று யோசித்தேன். அவரிடம் எண் இல்லை, அவ்வளவுதான்.

எட்டாவது வாரம் வலது காலில் கோப்பன்ஹேகன் பத்து வந்தது. குழுவோடு பயிற்சிக்குப் போனேன், மோதல் இல்லாமல். ஒன்பதாவது வாரம் மோதலோடு. பத்தாவது ஞாயிறு கடைசி இருபது நிமிடம் ஆட்டத்தில் இறங்கினேன். ஒரு முறை வலது காலை ஊன்றி இடப்பக்கம் திரும்பினேன். யோசிக்காமலே திரும்பிவிட்டேன், திரும்பிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை எண் ஒன்று. அதற்கு மறுநாள் பூஜ்யம்.

எக்செல் தாளை மூடிவிட்டேன். பயிற்சியை விடவில்லை. நார்வேயில் ஆண் காற்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வில், பருவத்துக்கு முன் வாரம் மூன்று முறையும் பருவத்தில் வாரம் ஒரு முறையும் கோப்பன்ஹேகன் செய்யச் சொன்ன குழுக்களுக்குக் கவட்டைப் பிரச்சினை வரும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. குறைந்தது, ஒழியவில்லை. அடுத்த நோன்பு மாதம் வரும், திடல் மறுபடி ஓயும். அப்போதும் இதை நிறுத்தாமல் இருந்தால்தான் பெருநாளுக்குப் பிறகு பயன்.

புதன் இரவு அப்பா பாயை விரிக்கிறார். என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறார். ஏழுக்குப் பிறகு இன்னொரு ஏழு சொல்கிறார்.

“ப்பா, அது எட்டு.”

“சரியா எறங்கல. விட்டுட்ட நீ. மெதுவா எறங்கு.”